வங்கிக்குச் சொல்வது ஒன்று, குடும்பத்துக்குச் சொல்வது வேறு: உடன்பிறந்தோர் தரும் ஆட்சேபணையின்மைக் கடிதம்

தந்தையோ தாயோ இறந்தபின், அவர் பெயரில் வங்கியில் கிடக்கும் வைப்புத்தொகையைப் பிள்ளைகளில் ஒருவர் மட்டும் பெற்றுக்கொள்வதற்கு மற்றவர்கள் கையெழுத்திட்டுத் தரும் கடிதத்தைத்தான் ஆட்சேபணையின்மைக் கடிதம் என்கிறோம். வங்கிக் கிளைகளில் இதை ‘என்ஓசி’ என்றே சொல்வார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதம் என்பதால், வீட்டில் யாரும் இதை வரிவரியாகப் படிப்பதில்லை. நிலம், வீடு என்றால் விடுதலைப் பத்திரத்தை நான்கு பேரிடம் காட்டிக் கேட்கிற குடும்பங்கள்கூட, வங்கிப் படிவத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அந்தப் படிவத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது, அதை வங்கி எதற்காகக் கேட்கிறது, கையெழுத்திட்டவரின் பங்கு அதன்பின் என்ன ஆகிறது என்பவற்றை இந்திய நடைமுறையை வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் வங்கியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். வைப்புத்தொகை என்பது சட்டத்தின் பார்வையில் வங்கி வைப்பாளருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். அதாவது வங்கிதான் இங்கே கடனாளி. வைப்பாளர் இறந்ததும் அந்தக் கடனைக் கேட்டுப் பெறும் உரிமை அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. அவர்களில் ஒருவரிடம் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால், நாளைக்கு இன்னொருவர் வந்து ‘என் பங்கை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்’ என்று வழக்குப் போடலாம் என்பதுதான் வங்கியின் அச்சம். அந்த அச்சத்தைப் போக்க இரண்டு தாள்களை வங்கி வாங்கிக்கொள்கிறது. பணத்தைப் பெறுகிறவரிடமிருந்து, பின்னால் ஏதேனும் கோரிக்கை வந்து வங்கிக்கு இழப்பு ஏற்பட்டால் தானே ஈடுசெய்வதாக ஓர் ஈட்டுறுதிப் பத்திரம். பெறாதவர்களிடமிருந்து, அப்படிப்பட்ட கோரிக்கையோடு வங்கிக்கு வர மாட்டோம் என்று ஆட்சேபணையின்மைக் கடிதம். இரண்டுமே வங்கியின் பாதுகாப்புக்காக எழுதப்பட்டவை. உடன்பிறந்தவர்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்பது வங்கியின் கேள்வியே அல்ல. அதை வங்கி தீர்க்க முனைவதும் இல்லை.

இந்தக் கடிதம் எப்போது தேவைப்படுகிறது, எப்போது தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கணக்கில் நியமனதாரர், அதாவது நாமினி, பதிவாகி உயிரோடு இருந்தால், 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45இசட்ஏ பிரிவின்படி வங்கி அவரிடம் தொகையைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பிலிருந்து விடுபடலாம்; மற்ற வாரிசுகளின் கடிதம் வேண்டியதில்லை. கணவன், மனைவி போல இருவர் பெயரில் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற நிபந்தனையோடு உள்ள கணக்கிலும் இதே நிலைதான். நீதிமன்றத் தடை இருந்தால் மட்டுமே இது மாறும். நாமினி இல்லாத கணக்குகளிலும், நாமினியாக இருந்தவர் வைப்பாளருக்கு முன்பே இறந்துபோன கணக்குகளிலும்தான் கடிதத்தின் வேலை தொடங்குகிறது. பின்னதே மிகப் பரவலாகக் காணப்படுவது: தந்தை, தாயை நாமினியாக எழுதியிருப்பார், தாய் முதலில் போயிருப்பார், அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று அதன்பின் யாருக்கும் தோன்றியிராது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், பழைய கணக்குகளில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான் கிடக்கும்.

இப்படிப்பட்ட கணக்குகளுக்காக இந்திய ரிசர்வ் வங்கி 2005ஆம் ஆண்டிலேயே எளிய நடைமுறையை வகுக்கச் சொல்லியிருந்தது. ஆனால் எந்தத் தொகை வரை எளிய நடைமுறை என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவுசெய்துகொண்டதால், ஒரே ஊரில் இரண்டு வங்கிகள் இரண்டு விதமாகக் கேட்டன. 2025 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதற்கு ஒரு பொது அளவை வைத்தன. கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரையும், மற்ற வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையும் (வங்கி விரும்பினால் இதைவிட உயர்த்திக்கொள்ளலாம்), உயில் வழக்கோ வாரிசுகளுக்குள் தகராறோ இல்லாத கோரிக்கைகளை நீதிமன்றச் சான்று கேட்காமல் தீர்க்க வேண்டும். கேட்கக்கூடியவை: கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், கோருபவரின் அடையாள ஆவணம், ஈட்டுறுதிப் பத்திரம், கோராத வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம். இவற்றோடு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், அல்லது அதற்குப் பதிலாக, குடும்பத்தை நன்கு அறிந்த, ஆனால் குடும்பத்தோடு தொடர்பில்லாத ஒருவர் வாரிசுகள் யார் யார் என்று தரும் உறுதிமொழி. இந்த வரம்புக்குள் மூன்றாம் நபரின் ஜாமீனை வங்கி கேட்கக்கூடாது. தேவையான ஆவணங்கள் எல்லாம் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால், ரிசர்வ் வங்கியின் ‘வங்கி விகித’த்துடன் குறைந்தது 4 சதவீதம் சேர்த்து அந்தக் காலத்துக்கு வட்டி தர வேண்டும்.

வரம்புக்கு மேல் போனால், சிவில் நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழை (‘சக்சஷன் சர்ட்டிபிகேட்’ என்று வழக்கறிஞர்கள் சொல்வது) வங்கி கேட்கலாம். வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழும் இதுவும் ஒன்றல்ல. முன்னது யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்கிறது; யாருக்கு எவ்வளவு பங்கு என்றோ, யாரிடம் பணத்தைக் கொடுக்கலாம் என்றோ அது சொல்வதில்லை. பின்னது, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, இறந்தவருக்கு வர வேண்டிய கடன்களை வசூலிக்க ஒருவருக்கு நீதிமன்றம் தரும் அதிகாரம். அவரிடம் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தவருக்குச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. வரம்புக்குள் இருக்கும் சிறு தொகைகளில், நீதிமன்றம் தரக்கூடிய அந்தப் பாதுகாப்பின் இடத்தைத்தான் உடன்பிறந்தோரின் கையெழுத்து நிரப்புகிறது. வங்கி அதிகாரிகள் ஒவ்வொரு எழுத்தையும் துருவிப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே. அதை வெறும் அலைக்கழிப்பு என்று தள்ளிவிட முடியாது.

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முழுமையாகப் பார்ப்போம். ஓய்வுபெற்ற தந்தை ஒருவர் உயில் எழுதாமல் இறக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பம். வணிக வங்கி ஒன்றில் அவர் பெயரில் 10 லட்சம் ரூபாய் நிரந்தர வைப்பும், சேமிப்புக் கணக்கில் 2 லட்சமும் இருக்கின்றன. நாமினி மனைவி, அவர் முன்பே காலமாகிவிட்டார். தந்தையின் தாயாரும் இல்லை. பிள்ளைகள் நால்வர். மூத்த மகள் மணமாகி வேறு ஊரில் இருக்கிறார். மூத்த மகன் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்கு மனைவியும், இருபது வயது மகளும், பதினான்கு வயது மகனும் உண்டு. இளைய மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். கடைசி மகள்தான் தந்தையோடு இருந்து கவனித்துக்கொண்டவர். வங்கியும் அவர் வீட்டுக்குப் பக்கத்தில். ஆகவே அவர் பெயரிலேயே தொகையைப் பெற்றுக்கொள்வது என்று குடும்பம் பேசி முடிவெடுக்கிறது.

யார் யாரிடம் கடிதம் வாங்க வேண்டும் என்ற முதல் கேள்வியிலேயே பல கோரிக்கைகள் தடுக்கி விழுகின்றன. அக்காவும் அண்ணனும் கையெழுத்திட்டால் போதும் என்று நினைத்துக் கடைசி மகள் இரண்டு கடிதங்களோடு வங்கிக்குப் போனால், வாரிசுச் சான்றிதழைப் பார்த்த அதிகாரி அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோரும், முன்பே இறந்த மகன் அல்லது மகளின் பிள்ளைகளும், முன்பே இறந்த மகனின் மனைவியும் ஆவர். எனவே இங்கே அண்ணியும், அவருடைய இரு பிள்ளைகளும் உடன்பிறந்தோரைப் போலவே வாரிசுகள். தந்தையின் தாயார் உயிரோடு இருந்திருந்தால், அந்தப் பாட்டியும் ஒரு முழுப் பங்குக்கு உரியவர். தொண்ணூறு வயதுப் பாட்டியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது பல குடும்பங்களுக்கு வங்கியில்தான் தெரியவருகிறது. இறந்தவர் தந்தையாக இல்லாமல் தாயாக இருந்தால் கணக்கு சற்று மாறும்: அப்போது மகன்கள், மகள்கள், கணவர், முன்பே இறந்த பிள்ளையின் பிள்ளைகள் ஆகியோர் முதல் வரிசையில் வருவர், இறந்த மகனின் மனைவி அந்த வரிசையில் இல்லை. இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுகளும் பங்குகளும் அவரவர்க்குரிய சட்டப்படி வேறுபடும்.

மணமான மகளைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘அவளுக்குச் சீர் செய்தாகிவிட்டது, அதனால் கையெழுத்து ஒரு சடங்குதான்’ என்ற பேச்சு இன்னும் கேட்கிறது. தந்தை தானாகச் சம்பாதித்துச் சேர்த்த பணத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கு என்பது 1956 முதலே இருந்துவரும் சட்டம். மணமானதால் அது குறையவில்லை. ஆகவே அவர் இடும் கையெழுத்து மதிப்புள்ள ஓர் உரிமையைத் தொடும் கையெழுத்து. அவ்வாறே கருதி அவரிடம் கேட்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் மொத்தம் 12 லட்சம். நான்கு கிளைகள் என்பதால் கிளைக்கு 3 லட்சம். இறந்த மூத்த மகனின் கிளைக்கு வரும் 3 லட்சத்தை அவருடைய மனைவியும் இரு பிள்ளைகளும் சமமாகப் பிரித்து, ஆளுக்கு 1 லட்சம் பெறுவர். சட்டம் தரும் கணக்கு இது. குடும்பம் பேசிக்கொண்டது வேறு. மூத்த மகள், ‘அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது நீதான், என் பங்கும் உனக்கே’ என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் இளைய மகன், ‘நீ மொத்தமாக வாங்கி என் 3 லட்சத்தை என் கணக்கில் போட்டுவிடு’ என்கிறார். அண்ணி, தன் பிள்ளைகளின் படிப்புக்கு அந்தப் பணம் வேண்டும் என்கிறார். ஆக, ஒருவர் பங்கை விட்டுக்கொடுக்கிறார். மற்றவர்கள் பணத்தை வாங்கித் தரும் வேலையை மட்டும் கடைசி மகளிடம் ஒப்படைக்கிறார்கள். ஆனால் வங்கி எல்லோருக்கும் நீட்டுவது ஒரே படிவம்.

அந்தப் படிவத்தின் வாசகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பல வங்கிகளின் அச்சிட்ட படிவங்களில், தொகையை இன்னாரிடம் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை என்ற வரியோடு, ‘மேற்கண்ட வைப்புகளில் எனக்குள்ள உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறேன், இனி எக்காலத்திலும் உரிமை கோர மாட்டேன்’ என்ற பொருள்படும் வரியும் சேர்ந்தே இருக்கும். முதல் வரி வங்கியை நோக்கிப் பேசுகிறது. இரண்டாவது வரியோ, படிப்பவரைப் பொறுத்து, தங்கையை நோக்கியும் பேசுகிறது. மூத்த மகளுக்கு அது பொருந்தும்; அவர் சொன்னதே அதுதான். இளைய மகனுக்கும் அண்ணிக்கும் அது பொருந்தாது. ஐந்து ஆண்டுகள் கழித்து உறவு கசந்து, ‘எல்லோரும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்களே’ என்று யாரேனும் சொன்னால், எதிர்ப்பக்கத்தின் கையில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அந்த வரியாகத்தான் இருக்கும். அது வங்கியின் வசதிக்காக மட்டும் எழுதப்பட்டது என்று வாதிட இடம் உண்டு. நீதிமன்றமும் சொற்களோடு சூழலையும் சேர்த்தே பார்க்கும். ஆனால் கையொப்பமிட்ட தாளுக்கு எதிராக வாய்ப்பேச்சை நிறுவுவது எவ்வளவு கடினம் என்பதை வழக்கு நடத்தியவர்கள் அறிவார்கள்.

பங்கை விட்டுக்கொடுக்காத வாரிசு எழுத வேண்டிய கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்: ‘என் தந்தை திரு. ... அவர்கள் பெயரில் தங்கள் கிளையில் உள்ள ... எண் நிரந்தர வைப்பு, ... எண் சேமிப்புக் கணக்கு ஆகியவற்றில் உள்ள தொகையையும் அதன் வட்டியையும் என் தங்கை திருமதி ... அவர்களிடம் வங்கி வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவ்வாறு வழங்கியபின், அத்தொகை தொடர்பாக வங்கியிடம் நான் எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்.’ வங்கிக்கு வேண்டிய பாதுகாப்பு முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. உரிமையை விடுவது பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை.

‘என் பங்கை எனக்குத் தருவார் என்ற நிபந்தனையின் பேரில்’ என்று இந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடலாமே என்று தோன்றும். சேர்த்தால் வங்கி ஏற்காது. நிபந்தனை வைத்த சம்மதம் என்றால், அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கும் பொறுப்பு வங்கியின் தலையில் விழுகிறது. அதைவிட மேலாக, வாரிசுகளுக்குள் ஏதோ தகராறு இருக்கிறது என்பதற்கு அது அடையாளமாகிவிடும். தகராறு என்று ஒருமுறை கோப்பில் எழுதிவிட்டால் எளிய நடைமுறை மூடிக்கொள்ளும். நீதிமன்றத்துக்குப் போய் வாருங்கள் என்பார்கள். எனவே வங்கிக்குப் போகும் தாளில் நிபந்தனை எதுவும் இருக்கக்கூடாது. நிபந்தனைகள் எல்லாம் குடும்பத்துக்குள் இருக்கும் இன்னொரு தாளில் இருக்க வேண்டும்.

அந்த இன்னொரு தாளைத்தான் குடும்பங்கள் எழுதுவதில்லை. கூடப் பிறந்தவர்களுக்குள் எழுதி வாங்குவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஒரு காரணம். ஆனால் வங்கி எழுதி வாங்குகிறதே! ஒரு பக்கத்து எழுத்து மட்டும் கோப்பில் இருந்து மறுபக்கம் பேச்சாகவே நின்றுபோவதுதான் பின்னால் வரும் சண்டைகளுக்கு வித்து. நம் எடுத்துக்காட்டில், கடிதத்தில் கையெழுத்திடும் நாளிலோ அதற்கு முன்போ, வாரிசுகள் எல்லோரும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட வேண்டும். அதில் வைப்புகளின் எண்களும், வங்கியில் இடப்படும் கையொப்பம் தொகையைப் பெறும் வசதிக்காக மட்டுமே என்ற வாக்கியமும், யாருக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்குள், எந்தக் கணக்குக்கு என்பதும் இருக்க வேண்டும். இளைய மகனுக்கு 3 லட்சம், அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து 3 லட்சம், மூத்த மகள் தன் பங்கை மனமுவந்து தங்கைக்கு அளிப்பதால் கடைசி மகளுக்கு 6 லட்சம். இப்படி ஒரு தாள் இருந்தால், வங்கி தன் அச்சிட்ட படிவத்தில்தான் கையெழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாலும் இளைய மகன் தயங்காமல் கையெழுத்திடலாம். பணத்தைப் பிரிக்கும்போது ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாக அனுப்புவது, அந்த உடன்பாடு நிறைவேறியதற்குத் தானாகவே சான்றாகிவிடும்.

பதினான்கு வயதுப் பையனின் 1 லட்சம்தான் இந்த வழக்கில் மிகக் கடினமான முடிச்சு. ஆட்சேபணையின்மைக் கடிதம் என்பது ஒருவர் தன் உரிமையைப் பற்றிச் சொல்லும் சம்மதம். மைனரால் அதைச் சொல்ல முடியாது. தாய் இயற்கைப் பாதுகாவலர் என்றாலும், அவருடைய அதிகாரம் பிள்ளையின் நன்மைக்காகச் செயல்படுவதற்கு மட்டுமே. பிள்ளைக்கு வர வேண்டியதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது அதில் அடங்குவது அரிது. பையன் மேஜரானபின் அந்தக் கையெழுத்தைக் கேள்வி கேட்க முடியும் என்பது வங்கிக்கும் தெரியும். ஆகவே மைனர் வாரிசாக இருக்கும் இடத்தில் தாயின் கடிதத்தை மட்டும் நம்பி முழுத் தொகையையும் அத்தையிடம் கொடுக்க வங்கி தயங்கும், தயங்குவது சரியும்கூட. இதற்கு நேரான வழி, அண்ணியைக் கடிதம் தருபவர்களின் பக்கத்திலிருந்து கோருபவர்களின் பக்கத்துக்குக் கொண்டுவருவது. கடைசி மகளும் அண்ணியும் சேர்ந்து கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்திட்டு, அண்ணி தனக்காகவும், மைனர் மகனின் பாதுகாவலராகவும் 2 லட்சத்தைக் கேட்கலாம். பையனின் 1 லட்சத்தை அவன் பெயரில் பாதுகாவலர் கணக்காகவே வரவு வைக்கச் சொல்லலாம். இருபது வயது மகள் மேஜர் என்பதால், அவரும் கோருபவராகச் சேரலாம் அல்லது தானே கடிதம் தரலாம். அவருக்காகத் தாய் கையெழுத்திட முடியாது. ஒருவரே வாங்கினால் சுலபம் என்று தொடங்கிய ஏற்பாடு இருவர் மூவராக நீள்வது போலத் தோன்றினாலும், மைனரின் பங்கு பற்றிய கேள்வி இதோடு முடிந்துவிடுகிறது.

வெளிநாட்டில் இருக்கும் இளைய மகனின் கையெழுத்து அடுத்த தடை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சிட்டுக் கொண்டுபோனால் செல்லாது. அவர் கடிதத்தில் கையெழுத்திடுவதை அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ, வங்கி ஏற்குமானால் அந்நாட்டு நோட்டரியிடமோ சான்றொப்பம் பெற்று, மூலத்தை அஞ்சலில் அனுப்ப வேண்டும். கடிதம் எழுதுவதற்கு முன்பே கிளையில் வாசகத்தையும் சான்றொப்பத்தின் வகையையும் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. ஒரு சொல் தவறினாலும் மீண்டும் விடுப்பு எடுத்துத் தூதரகம் போக வேண்டியவர் அவர்தான். கடிதத்துக்குப் பதிலாக உள்ளூரில் ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் தருவதாக இருந்தால், அது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. ஆட்சேபணையின்மைக் கடிதத்தை முத்திரைத்தாளில் எழுத வேண்டுமா, எந்த மதிப்பில் என்பது மாநிலத்தையும் வாசகத்தையும் பொறுத்து மாறுவதால், அதையும் கிளையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

பெயர்கள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் கோரிக்கைகள் தாமதமாவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் இல்லை. வாரிசுச் சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் அந்த முதலெழுத்து விரிந்து தந்தையின் முழுப்பெயராக, கடவுச்சீட்டில் கணவரின் பெயர் சேர்ந்து மூன்றாவது வடிவமாக, ஒரே மகள் மூன்று ஆளாக நிற்பார். கடிதத்தில் ‘... என்றும் ... என்றும் அழைக்கப்படும் நான்’ என்று எல்லா வடிவங்களையும் எழுதி, அடையாள ஆவணத்தின் நகலில் அவரே கையொப்பமிட்டு இணைத்தால் பெரும்பாலும் போதும். வாரிசுச் சான்றிதழில் ஒருவர் பெயரே விடுபட்டிருந்தால் அதை இப்படிச் சரிசெய்ய முடியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் திருத்தி வாங்கியபின்தான் மற்ற வேலை. விடுபட்டவரும் ஒப்புக்கொள்கிறாரே என்று அவரிடமிருந்து கூடுதலாக ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால், சான்றிதழுக்கும் கடிதங்களுக்கும் எண்ணிக்கை பொருந்தாமல் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

கையெழுத்திட்டவர் மனம் மாறினால் என்ன ஆகும்? பணம் கைமாறுவதற்கு முன் என்றால், தன் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுத்தில் கிளைக்குத் தெரிவிக்கலாம். படிவத்தில் ‘திரும்பப் பெற முடியாதது’ என்று அச்சிட்டிருந்தாலும், எதிர்ப்பு எழுத்தில் வந்தபின் எளிய நடைமுறையில் பணம் கொடுக்க எந்த மேலாளரும் துணிய மாட்டார். நீதிமன்றச் சான்றைக் கேட்பார். பணம் கொடுக்கப்பட்டுவிட்டது என்றால், வங்கியைப் பொறுத்தவரை கதை ஏறத்தாழ முடிந்தது. அதன்பின் வழக்கு, பணத்தைப் பெற்ற உடன்பிறந்தவர் மீதுதான். அவர் பெற்றதாலேயே முழுத் தொகைக்கும் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நாமினி விஷயத்திலேயே, வைப்புத்தொகையைப் பெறும் உரிமை வேறு, அதன் உடைமை வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வைப்பாளரே கைப்பட எழுதிவைத்த நாமினிக்கே அந்த நிலை என்றால், உடன்பிறந்தோர் சம்மதத்தால் பணம் பெற்றவர் தன் பெயரில் காசோலை வந்ததை மட்டும் காட்டி முழுவதும் எனதே என்று சொல்ல முடியாது. அவருக்குக் கைகொடுக்கக்கூடியது, முன்பு பார்த்த ‘விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற வரி ஒன்றுதான்.

வைப்பு முதிர்வடையும் வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், வைப்பாளர் இறந்த நிலையில் முன்கூட்டியே முடித்தால் அபராதக் கழிவு கிடையாது. வரிப் பக்கத்திலும் பெரிய சிக்கல் இல்லை: வாரிசுரிமையாக வந்த தொகை வருமானமாகக் கருதப்படுவதில்லை, உடன்பிறந்தவர் மனமுவந்து தந்ததற்கும் வரி இல்லை. இறப்புக்குப்பின் சேர்ந்த வட்டி மட்டும் வாரிசுகளின் வருமானம். முழு வட்டியும் கோரியவரின் நிரந்தரக் கணக்கு எண்ணில் பதிவாகிவிடக்கூடும் என்பதால், பங்கு பிரிக்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வதே நியாயம்.

கடிதத்தில் வைப்பு எண்களைக் குறிப்பிட வேண்டும் என்று சொன்னதில் ஒரு விளைவு இருக்கிறது: பட்டியலில் இல்லாத வைப்புக்கு அந்தக் கடிதம் செல்லாது. பழைய பெட்டியிலிருந்து இன்னொரு ரசீது கிளம்பினால் எல்லோரிடமும் மீண்டும் கையெழுத்து வாங்க வேண்டும், இளைய மகன் மீண்டும் தூதரகம் போக வேண்டும். இதைத் தவிர்க்க, ‘தங்கள் வங்கியில் அவர் பெயரில் உள்ள அனைத்துக் கணக்குகளும்’ என்று எழுதச் சிலர் சொல்வார்கள். மூத்த மகளைப் போல முழுவதையும் விட்டுக்கொடுப்பவருக்கு அது சரிப்படலாம். மற்றவர்கள் எவ்வளவு தொகை என்றே தெரியாத ஒன்றுக்குச் சம்மதம் தருவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. அதைவிட, கடிதம் எழுதும் முன்பே இறந்தவரின் எல்லாக் கணக்குகளின் விவரத்தையும் கிளையிடம் எழுதிக் கேட்டுவிடலாம். பத்து ஆண்டுகளுக்கு மேல் இயக்கமில்லாமல் கிடந்து ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்பட்ட தொகைகளை udgam.rbi.org.in தளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். அங்கே பெயர் கிடைத்தால், கோரிக்கையை அதே வங்கிக் கிளையிடம்தான் தர வேண்டும். கேட்கப்படும் கையெழுத்துகளும் இதே உடன்பிறந்தவர்களுடையவைதான்.